மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டியும்

செய்தி வந்தபோது காலை பத்தேகால் மணி. பேக்கரிக்காரர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, சுவரில் பதித்த சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால், ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு வயரிங் ஹெல்பரான அவர் உட்கார்ந்திருந்தார். மின்கம்பியைக் கட்டி இழுப்பதற்காகக் குழாய்க்குள் விட்டிருந்த இழுப்புக் கம்பியின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கை கணவரான மாப்பிள்ளை எப்போது திரும்பி வருவார் என்று காத்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கம்பி போதாது, கடைக்குப் போய் இன்னொரு சுருள் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய மனிதர், கடையில் கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறைக்காக நின்றபடியே சரிந்துவிட்டார். போனில் இதைச் சொன்னது கான்ட்ராக்டர் அம்மா. இரண்டு பேருக்கும் வேலை கொடுத்தவர் அவர்தான்.

"அப்படியே இருங்க. வண்டி அனுப்பறேன். தங்கச்சி வீட்டுக்கு நீங்க போறதுக்குள்ள வேற யாரும் போயிடக் கூடாது."

அவர் எழுந்தார். இழுப்புக் கம்பியை அப்படியே விட்டால் யாராவது பிடித்து இழுத்துவிடுவார்கள் என்று தோன்றியது. அதை வளைத்துப் பெட்டிக்குள் ஒரு முடிச்சாகப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். அந்த நேரத்தில் அதை ஏன் செய்தோம் என்று பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது.

அன்று துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கரண்டா?" வயரிங் வேலை செய்கிறவன் செத்தால் மின்சாரம்தான் கொன்றிருக்கும் என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறது. அவருக்கு அது பொறுக்கவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் திருத்திக்கொண்டே இருந்தார். "இல்லைங்க, நெஞ்சுவலி. கரண்டு அவரைத் தொட்டதே இல்லை. மெயினை அணைச்சி, பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்காம அவர் ஒரு கம்பியைத் தொட்டதில்லை." உள்ளே உட்கார்ந்திருந்த தங்கைக்கும் அது காதில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு நாளில் அவள் அழாமல் தலையை ஆட்டியது அதற்கு மட்டும்தான்.

தங்கையைக் கட்டிக்கொடுத்த வருடமே இருவரும் சேர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை ஒல்லி, ஏணியில் ஏறினால் இறங்க மனம் வராது. மச்சானான இவருக்குத் தொப்பையும் உண்டு, மூட்டுவலியும் உண்டு. ஏணியின் மூன்றாவது படியிலேயே உலகம் சுற்ற ஆரம்பித்துவிடும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் பேச்சே இல்லாமல் வேலை பிரிந்துவிடும். மாடிப்படி விளக்குக்கு இரண்டு சுவிட்சு. கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். மேல் சுவிட்சுப் பெட்டி மாப்பிள்ளையுடையது, கீழ்ச் சுவிட்சுப் பெட்டி இவருடையது. ஒருவர் மேலிருந்து தள்ள, ஒருவர் கீழிருந்து இழுக்க, நடுவில் சுவருக்குள் இரண்டு சுவிட்சையும் இணைக்கும் ஜோடிக் கம்பி போகும்.

"மச்சான், கீழ என்ன இருக்கு?"

"வர்ற கம்பி, நடுவுல! ஜோடிக் கம்பி, ரெண்டு ஓரத்துல! மேல என்ன?"

"ஜோடிக் கம்பி ஓரத்துல! நடுவுல விளக்குக்குப் போறது! போடட்டுமா?"

"மூடிக்கிட்டுப் போடுங்க!"

இந்தக் கூச்சலைக் கேட்டுக் கேட்டுக் கொத்தனார்கள் அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மேல்பெட்டி, கீழ்ப்பெட்டி. மேஸ்திரிகள் வேலைக்குக் கூப்பிடும்போதே, "பெட்டி ரெண்டும் வரட்டும்" என்பார்கள்.

இருவரில் மாப்பிள்ளை வயர்மேன். அதற்கான தேர்வை எழுதி, செய்முறையும் செய்து காட்டி, தகுதிச் சான்றிதழ் வாங்கியவர். இவரிடம் இருந்தது ஹெல்பர் சான்றிதழ் மட்டுமே. ஹெல்பர் கம்பி இழுக்கலாம், குழாய் பதிக்கலாம், சுவிட்சு மாட்டலாம்; ஆனால் ஒரு வயர்மேன் கூடவே இருந்து பார்க்க வேண்டும். தனியாக ஒரு வீட்டைப் பொறுப்பில் எடுக்க முடியாது. வயர்மேனுக்கு மேலே சூப்பர்வைசர். முடித்த வேலையைச் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர். எல்லாருக்கும் மேலே கான்ட்ராக்டர் உரிமம். அது இருந்தால்தான் வேலையையே ஒப்புக்கொள்ளலாம், வீட்டுக்கு வயரிங் அனுமதி கேட்கலாம். அந்த அனுமதியில் இந்த வேலையை எந்த வயர்மேன் செய்கிறார் என்று பெயர் போட வேண்டும். வேலை முடிந்து சோதனை அறிக்கை போனால்தான் மின் அலுவலகம் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும்.

ஹெல்பராகச் சில வருடம் இருந்துவிட்டு, கான்ட்ராக்டரிடம் அனுபவச் சான்று வாங்கிக்கொண்டு வயர்மேன் தேர்வுக்குப் போகலாம். கீழ்ப்பெட்டிக்கு அந்தச் சில வருடம் எப்போதோ கழிந்துவிட்டது. தேர்வு அறிவிப்பு வரும்போதெல்லாம் மாப்பிள்ளை நச்சரிப்பார்.

"எழுதுங்க மச்சான். வயசாகுதுல்ல?"

"கண்ணாடி மாத்தணும்."

"போன வருஷமும் அதே கண்ணாடிதான சொன்னீங்க?"

"அதைத்தான் இன்னும் மாத்தலியே."

அடுத்த முறை மூட்டுவலி. அதற்கடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிப்பு. உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான், அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு வயர்மேன், ஒரு ஹெல்பர் என்பது கான்ட்ராக்டர் அம்மாவின் கணக்கு. இவரும் வயர்மேன் ஆகிவிட்டால் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு அம்மா என்ன செய்வார்? இவரை ஒரு தெருவுக்கும் மாப்பிள்ளையை இன்னொரு தெருவுக்கும் அனுப்பிவிடுவார். ஆளுக்கு ஒரு புது ஹெல்பர். சம்பளம் கூடும்தான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் யாருடைய டப்பாவிலிருந்து ஊறுகாயைத் திருடுவது?

மாப்பிள்ளை போன இரண்டாம் வாரம் கான்ட்ராக்டர் அம்மா தங்கை வீட்டுக்கு வந்தார். தங்கையிடம் கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு, வெளியே வந்து வண்டியில் சாய்ந்து நின்றார்.

"பேக்கரி வீடு பாதியில நிக்குது."

"தெரியும்மா."

"அனுமதியில வயர்மேன்னு அவர் பேருதான் இருக்கு. இப்ப நான் வேற ஒருத்தர் பேரை எழுதிக் கொடுக்கணும். அதுவரைக்கும் அங்க யாரும் கை வைக்கக் கூடாது. அதுவும் இல்லாம, என் உரிமத்துக்கு இத்தனை வயர்மேன் இருக்கணும்னு கணக்கு இருக்கு. ஒரு இடம் காலியானா குறிப்பிட்ட நாளுக்குள்ள நிரப்பணும்."

"யாரைப் போடப் போறீங்க?"

"அதை உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன். அடுத்த மாசம் செய்முறைத் தேர்வு இருக்கு. எழுத்துத் தேர்வு அதுக்கு முந்தின நாள். பேக்கரிக்காரர்கிட்ட பேசிட்டேன். பெயின்டு வேலை கீழ்த்தளத்துல முடியற வரைக்கும் பொறுத்துக்கறேன்னாரு. நீங்க தேறினா அந்த வீட்டை உங்க பேருல எழுதறேன். இல்லைன்னா வேற வயர்மேனைக் கூட்டிட்டு வந்து முடிச்சிடுவேன். எனக்கும் வேற வழியில்ல."

அவர் தரையைப் பார்த்தார். வேறு யாரோ ஒருவர் வந்து, மாடியில் மாப்பிள்ளை பதித்த பெட்டியைத் திறந்து, உள்ளே அவர் சுருட்டி வைத்திருக்கும் கம்பியைப் பிரித்து, "யாருய்யா இவ்வளவு நீளம் விட்டது?" என்று வெட்டி எறிவது கண்முன் தெரிந்தது. மாப்பிள்ளை எப்போதுமே பெட்டிக்குள் ஒரு சாண் கம்பி கூடுதலாக விடுவார். பின்னால் யாராவது திறந்தால் அவர்களுக்குப் பஞ்சம் வரக் கூடாதாம்.

"எழுதறேன்மா."

"கண்ணாடி?"

"நாளைக்கே மாத்திடறேன்."

எழுத்துத் தேர்வை ஒருவாறு ஒப்பேற்றினார். மறுநாள் செய்முறை. ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தின் பெரிய ஹாலில், சுவர் ஓரமாக வரிசையாக மரப்பலகைகள் நிறுத்தப்பட்டிருந்தன. பலகைக்கு ஓர் ஆள். முதலில் கருவிப் பரிசோதனை. தேர்வாளர் ஒவ்வொருவருடைய பையையும் திறக்கச் சொல்லி, கட்டிங் பிளேயரின் கைப்பிடி உறையில் வெடிப்பு இருக்கிறதா, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். நரைத்த மீசை, சலவைச் சட்டை, காதில் ஒரு பென்சில்.

"இது உங்க பிளேயரா?"

"என் மாப்பிள்ளையோடது சார்."

"கைப்பிடி நல்லா இருக்கு. சரி."

பிறகு வரைபடம் கொடுத்தார்கள். மாடிப்படி விளக்கு ஒன்று, இரண்டு இடத்திலிருந்து இயக்க வேண்டும். தனிச் சுவிட்சோடு ஒரு பிளக் பாயின்ட். நுழைவில், மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் எம்சிபி ஒன்று. எல்லாவற்றுக்கும் எர்த் கம்பி. குழாய் வெட்டி, வளைத்து, பலகையில் மாட்டி, கம்பி இழுத்து, இணைத்து, சோதித்து, கடைசியில் தேர்வாளர் முன்னால் எரிய வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்பு ஒரு துண்டுக் கம்பியில் ஒரு நேர் முறுக்கு இணைப்பும் ஒரு டி இணைப்பும் செய்து தனியாகக் கொடுக்க வேண்டும். முறுக்கு இணைப்பில் அவர் கை தானாகவே ஓடியது. பக்கத்துப் பலகையில் மருத்துவமனைப் பராமரிப்பில் வேலை பார்க்கும் ஒரு பெண் இருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணே, நீங்க இணைப்புப் போட்டீங்களா, பின்னல் போட்டீங்களா?"

"தலைக்குப் பூ வெச்சாத்தான் முழுமையாகும்" என்றார். பயம் கொஞ்சம் இறங்கியது.

மாடிப்படி விளக்கை அவர் வாழ்நாளில் எத்தனை வீட்டில் போட்டிருப்பார் என்று கணக்கே இல்லை. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். பிளக் பாயின்டை முடித்தார்: வலது துளையில் ஃபேஸ், இடது துளையில் நியூட்ரல், மேலே பெரிய துளையில் எர்த். பிறகு கீழ்ச் சுவிட்சு. வருகிற சிவப்புக் கம்பி நடு முனையில், ஜோடிக் கம்பிகள் இரண்டும் இரண்டு ஓரத்தில். திருகாணியை இறுக்கி, இழுத்துப் பார்த்து, மூடினார். நகர்ந்து மேல் சுவிட்சுக்கு வந்தார். ஒரு சிவப்புக் கம்பியைக் குழாயில் செலுத்தி நடு முனையில் மாட்டினார். ஜோடிக் கம்பிகளை ஓரத்தில் மாட்டினார். இறுக்கினார்.

கையில் ஒரு கம்பி மீந்தது.

விளக்கிலிருந்து இறங்கி வந்த கம்பி. அதற்கு எங்கேயும் இடம் இல்லை. மூன்று முனையும் நிறைந்துவிட்டது. வெயிலில் நின்றவன் திடீரென இருட்டறைக்குள் வந்ததுபோல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தார், கோடுகள் நெளிந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்திருக்கவே வேண்டாம். இத்தனை வருடத்தில் அவர் போட்டதெல்லாம் கீழ்ப்பெட்டி மட்டும்தான். மேல்பெட்டியைக் காதால் கேட்டிருக்கிறார். கையால் தொட்டதே இல்லை. இப்போது இரண்டு இடத்திலும் கீழ்ப்பெட்டியையே போட்டு வைத்திருந்தார்.

யோசித்துச் செய்யவில்லை, வாய் தானாகக் கத்திவிட்டது.

"மாப்ளே! மேல என்ன இருக்கு?"

ஹாலில் எல்லாத் தலைகளும் திரும்பின. பதில் அவருடைய சொந்தக் குரலிலேயே, ஆனால் மாப்பிள்ளையின் இழுவையோடு வந்தது:

"ஜோடிக் கம்பி ஓரத்துல. நடுவுல விளக்குக்குப் போறது."

தேர்வாளர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தபடி நடந்து வந்தார்.

"யார்கிட்ட பேசுறீங்க?"

"மன்னிக்கணும் சார். கூட வேலை பார்க்கிறவர்கிட்ட."

தேர்வாளர் பலகையின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "அவர் எங்க?"

"இப்ப இல்லை சார்."

தேர்வாளர் அவரையும் அவர் கையில் தொங்கிய கம்பியையும் பார்த்தார். "தேர்வுல தனியாத்தான் செய்யணும். மெதுவாப் பேசுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நடு முனையிலிருந்து சிவப்பைக் கழற்றினார். குழாயிலிருந்து முழுசாக உருவி எடுத்தார். வேண்டாத கம்பியை உள்ளேயே அறுத்துவிட்டுப் போவதில்லை என்பது மேல்பெட்டியின் பிடிவாதம். விளக்குக் கம்பியை நடுவில் மாட்டினார். முனைக்கு வெளியே செம்பு தெரிகிறதா என்று புதுக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். தெரியவில்லை. பெட்டிக்குள் ஒரு சாண் கம்பியைச் சுருட்டி வைத்து மூடினார்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் சோதனை. மெகர் கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கம்பிகளின் மேலுறை எங்காவது கசிகிறதா என்று அது சொல்லும்.

"ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல பாருங்க" என்றார் தேர்வாளர்.

அவர் மெயின் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். பல்பைக் கழற்றிப் பத்திரமாகத் தரையில் வைத்தார். சுவிட்சுகளை எல்லாம் போட்டார்.

"பல்பை ஏன் எடுத்தீங்க?"

"பல்பு இருந்தா அது வழியாவே ஓடிடும் சார். கம்பி நல்லா இருந்தாலும் முள்ளு ஜீரோவுக்குப் போயிடும்."

"எர்த்துக்குப் பார்க்கும்போது?"

"அப்ப பல்பு இருக்கலாம். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி ஒரு பக்கம், எர்த்து ஒரு பக்கம்."

கைப்பிடியைச் சீராகச் சுற்றினார். முள் தேறுவதற்கு வேண்டிய ஒரு மெகோம் அளவைத் தாண்டி, அந்தக் கோடி வரை போய் நின்றது. தேர்வாளர் குறித்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி. கூட வேலை செய்யறவர் கம்பியைப் பிடிச்சிட்டாரு. விட முடியல. என்ன செய்வீங்க?"

"முதல்ல அவரைத் தொட மாட்டேன் சார். மெயினை அணைப்பேன்."

"மெயின் தூரத்துல இருக்கு."

"காய்ஞ்ச மரப்பலகை மேல நின்னு, காய்ஞ்ச கட்டையால கம்பியிலேர்ந்து பிரிப்பேன். அப்புறம் மூச்சு இருக்கான்னு பார்ப்பேன். இல்லைன்னா ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லிட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பிப்பேன். டாக்டர் வர்ற வரைக்கும் நிறுத்த மாட்டேன்."

சொல்லும்போது அவருக்குக் கடை வாசல் ஞாபகம் வந்தது. அங்கே அதைச் செய்யத் தெரிந்த ஒருவர்கூட இருந்திருக்கவில்லை.

"எரிய விடுங்க."

எம்சிபியைத் தூக்கினார். கீழ்ச் சுவிட்சைப் போட்டார், எரிந்தது. மேல் சுவிட்சைத் தட்டினார், அணைந்தது. கீழே தட்டினார், எரிந்தது. தேர்வாளர் தானும் ஒருமுறை இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பலகைக்குப் போனார்.

முடிவு வந்த அன்று கான்ட்ராக்டர் அம்மா ஒரு பெட்டி பேக்கரி பிஸ்கட்டோடு தங்கை வீட்டுக்கு வந்தார். கூடவே அனுமதியில் பெயர் மாற்றியதற்கான நகல்.

"இத்தனை வருஷம் ஏன் எழுதலன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" என்றார் அம்மா.

அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"உங்க மாப்பிள்ளைதான் சொன்னாரு. 'நான் எழுதச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருப்பேன்மா. நீங்க மட்டும் வற்புறுத்திடாதீங்க. அவர் பாஸாயிட்டா எனக்கு யாரு கம்பி இழுக்கறது?'ன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிஸ்கட் தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிரித்தார். உள்ளேயிருந்து தங்கை தண்ணீர் எடுத்து வந்தாள். விஷயத்தைக் கேட்டு அவளும் சிரித்தாள். ரெண்டு திருடனும் ஒண்ணாத்தான் இருந்திருக்கீங்க என்றாள்.

பேக்கரி வீட்டை அவர் முடித்தார். அம்மா கொடுத்த புது ஹெல்பர், முன்பு ஆட்டோ ஓட்டியவர். நல்ல மனிதர், ஆனால் காது மந்தம். ஹெல்பரைக் கீழே உட்காரவைத்துவிட்டு இவர்தான் மாடிக்கு ஏற வேண்டியிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூட்டைத் திட்டிக்கொண்டு ஏறினார். மாப்பிள்ளை பதித்த பெட்டியைத் திறந்தார். இழுப்புக் கம்பி அவருக்காகவே வைத்ததுபோல் சுருண்டு கிடந்தது.

"கீழ என்ன இருக்கு?" என்று கத்தினார்.

"நான்தான் இருக்கேன்!" என்று பதில் வந்தது.

கீழ்ப்பெட்டிக்குள் அன்று தான் போட்ட முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, தொண்டை கட்டும்வரை கத்தி, கடைசியில் கம்பி வந்தது. அவர் நடு முனையில் விளக்குக் கம்பியை மாட்டினார். சூப்பர்வைசர் வந்து சோதித்தார், அறிக்கை போனது, இணைப்பு வந்தது. முதல் நாள் சாயங்காலம் பேக்கரிக்காரரின் பேத்தி மாடிப்படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி விளக்கைப் போட்டு அணைத்துக்கொண்டே இருந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவர் கீழே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு நிறைந்திருந்தது.

இப்போது அவர் வேலைக்குப் போகும் வழியில் தினமும் தங்கை வீட்டில் டீ குடித்துவிட்டுப் போகிறார். அந்த வீட்டு வாசலுக்கு அழைப்பு மணி வைக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன கோடையில், கதவுக்கு மேலே மணியை மாட்டி, கம்பி இழுத்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் கீழே இறக்கிவிட்டு, ஏணியிலிருந்தபடியே தங்கையிடம் சொன்னாராம்: "கீழ பொத்தான் மாட்டறது என் வேலை இல்லைம்மா. உங்க அண்ணன் வரட்டும்." பொத்தான் அண்ணனுடைய பையில்தான் இருக்கிறது; மாட்டினால் இருவரும் சேர்ந்து செய்யும் கடைசி வேலையும் முடிந்துவிடும் என்று நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். கம்பியின் இரண்டு நுனியும் டேப் சுற்றியபடி நிலையருகே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.